லாபம் குறைந்த வருஷத்தில் பங்கின் லாபம் கூடிய விதம்

டி.சி.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் கம்பெனி, 2018 மார்ச்சில் முடிவுற்ற தன் வருஷக் கணக்கை வெளியிட்டபோது, அதில் ஒன்றுக்கொன்று முரண்பட்டவைபோல் தோன்றும் இரண்டு எண்கள் அருகருகே நின்றன. முந்தைய வருஷத்தில் 26,289 கோடி ரூபாயாக இருந்த நிகர லாபம், அவ்வருஷத்தில் 25,826 கோடியாகக் குறைந்திருந்தது. ஆனால் ஒரு பங்குக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும் லாபமோ 133 ரூபாய் 41 காசிலிருந்து 134 ரூபாய் 19 காசாக உயர்ந்திருந்தது. கணக்கில் பிழை ஏதும் இல்லை. தணிக்கையாளர்கள் கையொப்பமிட்ட எண்கள்தாம் அவை. மொத்த லாபத்தில் 463 கோடி குறைந்த ஒரு வருஷத்தில், ஒவ்வொரு பங்குக்கும் உரிய லாபம் மட்டும் 78 காசு அதிகமானது எப்படி என்ற கேள்விக்கு விடை, கம்பெனி சம்பாதித்த விதத்தில் இல்லை. அந்தச் சம்பாத்தியத்தை எத்தனை பங்குகளால் வகுத்தார்கள் என்பதில் இருக்கிறது.

2017 பிப்ரவரி 20-ஆம் தேதி கூடிய அக்கம்பெனியின் இயக்குநர் குழு, தன் சரித்திரத்தில் முதன்முறையாக, தன் சொந்தப் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்தது. பங்கு ஒன்றுக்கு 2,850 ரூபாய் வீதம் 5,61,40,350 பங்குகள். செலவாகும் தொகை 16,000 கோடி ரூபாய். அன்றைய சந்தை விலையைக் காட்டிலும் இது 13 சதவீதத்துக்கு மேல் கூடுதலான விலை. தபால் வாக்கெடுப்பின் மூலம் பங்குதாரர்களின் சம்மதம் பெற்று, மே மாதத்தில் விற்க விரும்பியோரிடமிருந்து பங்குகளைப் பெற்று, விலையைக் கொடுத்துத் தீர்த்து, வாங்கிய பங்குகளை அடியோடு ரத்து செய்துவிட்டார்கள். 197 கோடியே 4 லட்சமாக இருந்த பங்குகள் 191 கோடியே 43 லட்சமாயின. அதாவது நூற்றுக்கு 2.85 பங்கு மறைந்தது.

ரத்து செய்துவிட்டார்கள் என்ற சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு கம்பெனி தான் வாங்கிய தன் பங்குகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பிற்பாடு ஊழியர்களுக்குக் கொடுக்கவோ மறுபடி விற்கவோ பல இடங்களில் அனுமதி உண்டு. நம் நாட்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. 1999-க்கு முன்பு இவ்வகையில் பங்குகளைத் திரும்ப வாங்குவதற்கே வழியில்லாமல் இருந்தது. இப்போது நடைமுறையிலுள்ள 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு, செலுத்தப்பட்ட மூலதனமும் தாராளக் கையிருப்பும் சேர்ந்த தொகையில் நூற்றுக்கு 10 வரை இயக்குநர் குழுவின் தீர்மானத்தாலும், 25 வரை பங்குதாரர்களின் விசேஷத் தீர்மானத்தாலும் செலவிடலாம் என்கிறது. வாங்கி முடித்த ஏழு நாட்களுக்குள் பங்குகளை அழித்துவிட வேண்டும்; ஒரு கொள்முதல் முடிந்து ஓராண்டு செல்லாமல் அடுத்ததைத் தொடங்கலாகாது; முடித்தபின் கம்பெனியின் கடன், மூலதனத்தையும் கையிருப்பையும் போல் இரு மடங்குக்கு மேல் இருக்கலாகாது. பங்குச் சந்தையில் பதிவான கம்பெனிகள் பாங்கிக் கடனைக் கொண்டு இதைச் செய்யக் கூடாதென்று செபி அமைப்பும் விலக்கியிருக்கிறது. சிறு பங்குதாரர்கள், அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத மதிப்புள்ள பங்குகளை உடையவர்கள், விண்ணப்பிக்கும் முறையிலான கொள்முதலில் நூற்றுக்கு 15 பங்கை ஒதுக்கீடாகப் பெறுகிறார்கள்.

இந்த 16,000 கோடி ரூபாய் கம்பெனியை விட்டு வெளியேறிய வழியும் அறியத்தக்கது. பங்கு ஒன்றின் முகமதிப்பு ஒரு ரூபாய்தான். ஆகையால் பங்கு மூலதனத்திலிருந்து கழிந்தது 5 கோடியே 61 லட்சம் ரூபாய் மாத்திரமே. எஞ்சிய தொகை முழுவதும், பல வருஷங்களாக லாபத்திலிருந்து சேர்த்துவைத்த கையிருப்பிலிருந்து போயிற்று. சம்பளமும் வாடகையும் வட்டியும் எவ்வாறு லாப நஷ்டக் கணக்கில் செலவாக எழுதப்பட்டு லாபத்தைக் குறைக்கின்றனவோ, அவ்வாறு பங்கு வாங்கிய விலை அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. எத்தனை பெரிய தொகையாக இருந்தாலும் அது நேரே ஐந்தொகையில் கையிருப்பைக் குறைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது. பங்கு லாபம், அதாவது பங்குச் சந்தையில் ஈ.பி.எஸ். என்று எல்லோரும் குறிப்பிடும் அந்த எண், நிகர லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. வகுபடும் எண்ணில் இக்கொள்முதலின் செலவு தென்படாது. வகுக்கும் எண்ணோ குறைந்துபோகிறது. ஈவு கூடாமல் வேறென்ன செய்யும்?

வகுக்கும் எண்ணும் ஒரே நாளில் முழுதாகக் குறைந்துவிடுவதில்லை. வருஷம் முழுவதும் எத்தனை பங்குகள் எத்தனை நாட்கள் இருந்தன என்று நாட்களின் வீதத்தில் சராசரி கண்டு அதனால்தான் வகுக்கிறார்கள். டி.சி.எஸ். பங்குகள் அழிக்கப்பட்டது ஜூன் மாதத் தொடக்கத்தில். அதனால் ஏப்ரல், மே என்ற இரண்டு மாதங்களுக்குப் பழைய எண்ணிக்கையும், மிகுதிப் பத்து மாதங்களுக்குப் புதிய எண்ணிக்கையும் கணக்கில் சேர்ந்து, சராசரி 192 கோடியே 46 லட்சம் வாக்கில் நின்றது. 25,826 கோடியை அதனால் வகுத்துப் பாருங்கள். 134 ரூபாய் 19 காசு வரும். கொள்முதல் வருஷக் கடைசியில் நிகழ்ந்தால் அவ்வருஷத்து எண்ணில் அதன் சாயல் பெரும்பாலும் தெரியாது. அடுத்த வருஷத்தில்தான் முழுமையாக வெளிப்படும்.

ஏன் இதைச் செய்கிறார்கள் என்பதற்கு வருவோம். மென்பொருள் கம்பெனிக்கு உருக்காலைபோல் உலைகள் கட்ட வேண்டியதில்லை. சம்பாதிப்பதில் பெரும்பகுதி ரொக்கமாகவே குவிகிறது. வியாபாரத்தில் போட்ட ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் முப்பது ரூபாய்க்கு மேல் ஈட்டும் ஒரு ஸ்தாபனம், அப்படி ஈட்டிய பணத்தைப் பாங்கி டெபாசிட்டிலும் அரசாங்கப் பத்திரத்திலும் போட்டு ஏழு சதவீதம் வட்டி வாங்கிக்கொண்டிருப்பது பங்குதாரர்களுக்குத் திருப்தி அளிப்பதில்லை. அந்த வேலையை அவர்களே செய்துகொள்வார்கள். பணத்தைத் திருப்பிக் கொடு என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். கொடுப்பதற்கு வழி இரண்டு: டிவிடெண்டு ஒன்று, பங்கைத் திரும்ப வாங்குவது மற்றொன்று. 2017-இல் டிவிடெண்டு கொடுத்தால் கம்பெனி அதன்மேல் பட்டுவாடா வரி கட்ட வேண்டும். வருஷத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் டிவிடெண்டு பெறும் செல்வந்தர் மேலும் 10 சதவீதம் கட்ட வேண்டும். சந்தையில் பதிவான கம்பெனி தன் பங்கைத் திரும்ப வாங்கினால் கம்பெனிக்கு அத்தகைய வரி ஏதும் அக்காலத்தில் இல்லை. பெரிய கம்பெனிகள் அந்த ஒரு வருஷத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக இவ்வழியில் இறங்கியதற்கு இந்த வரி வித்தியாசத்தைப் பிரதானமான காரணமென்றே நான் கருதுகிறேன்; டி.சி.எஸ்.ஸைத் தொடர்ந்து அதே வருஷம் ஆகஸ்டில் இன்போசிஸ் 13,000 கோடி ரூபாய்க்கு அறிவித்தது. இதைக் கவனித்த அரசாங்கம் 2019 ஜூலையில் அந்த வாசலை அடைத்து, கொள்முதல் விலையில் பங்கை வெளியிட்டபோது பெற்ற தொகை போக மிஞ்சியதன் மீது கம்பெனியே 20 சதவீத வரியும் அதன்மேல் உபரி வரிகளும் கட்டும்படி செய்தது. எல்லாம் சேர்ந்து 23 சதவீதத்தைத் தாண்டும். 2024 அக்டோபர் முதல் அதையும் நீக்கி, பங்கை விற்றவர் பெறும் தொகையையே டிவிடெண்டாகப் பாவித்து அவரிடம் வசூலிக்கும் முறை வந்தது. ஆகவே ஒரு கொள்முதல் நல்லதா அன்றா என்று ஆராய்கிறவர், அது நடந்த வருஷத்தின் வரிச் சட்டத்தை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேறு காரணங்களும் உண்டு. தங்கள் பங்கு சந்தையில் குறைவாக மதிக்கப்படுகிறது என்று நிர்வாகிகள் மெய்யாகவே நம்பலாம். ஊழியர்களுக்குப் பங்கு கொடுத்துப் பெருகிவிட்ட எண்ணிக்கையைச் சரிக்கட்ட நினைக்கலாம்; அப்படியானால் பல்லாயிரம் கோடி செலவான பிறகும் மொத்தப் பங்குகள் இருந்தபடியே இருக்கும், பங்கு லாபமும் அசையாது. நிர்வாகியின் சன்மானம் பங்கு லாபத்தைப் பொறுத்து நிர்ணயிக்கப்பட்டிருக்குமானால், வியாபாரத்தை வளர்ப்பதைவிட வகுக்கும் எண்ணைக் குறைப்பது சுலபம் என்ற எண்ணமும் உண்டாகலாம்.

இனி, பங்கு லாபம் கூடியது உண்மையான ஆதாயமா என்பதைத் தீர விசாரிப்போம். டி.சி.எஸ். தன் பணம் 16,000 கோடியை வெளியே கொடுத்தபோது, பங்குகளோடு கூட அந்தப் பணம் ஈட்டிக்கொண்டிருந்த வட்டியையும் இழந்தது. அந்த வட்டி ஏழு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 1,120 கோடி. அதில் 35 சதவீதம் வரியாகப் போனால் மிஞ்சுவது 728 கோடி. கொள்முதல் இல்லாமலிருந்தால் 26,289 கோடி லாபம், 197.04 கோடிப் பங்குகளுக்கு 133 ரூபாய் 42 காசு வீதம் கிடைக்கும். இழந்த வட்டியை மறந்துவிட்டு அதே லாபத்தை 191.43 கோடியால் வகுத்தால் 137 ரூபாய் 33 காசு வருகிறது. ஏறத்தாழ நான்கு ரூபாய் கூடிவிட்டதாகத் தோன்றும். ஆனால் 728 கோடியைக் கழித்துக்கொண்டு 25,561 கோடியை வகுத்தால் 133 ரூபாய் 53 காசுதான். நான்கு ரூபாய் என்று தோன்றிய உயர்வு, உள்ளபடி பதினோரு காசு. 16,000 கோடி ரூபாய் செலவழித்து ஒரு பங்குக்குப் பதினோரு காசு.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளியது. கணிதத்தில் அதற்கு விலக்கே இல்லை. கொடுத்த விலையில் நூறு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் லாபம் கிடைக்கிறது என்பதை, அதே நூறு ரூபாய் வரி போக எவ்வளவு வட்டி ஈட்டியிருக்கும் என்பதோடு ஒப்பிட வேண்டும். முன்னது பெரிதானால் பங்கு லாபம் கூடும். பின்னது பெரிதானால் குறையும். 2,850 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 133 ரூபாய் 42 காசு சம்பாதிக்கிறது; நூற்றுக்கு 4.68. வட்டியோ வரி போக நூற்றுக்கு 4.55. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்ததால்தான் ஆதாயம் காசுகளில் நின்றது. பங்கின் விலை அதன் ஒரு வருஷ லாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்று கூறும் பி.இ. விகிதம் தெரிந்தவர்கள், நூறை அந்த மடங்கால் வகுத்து முதல் எண்ணைக் கணத்தில் கண்டுபிடிக்கலாம். மடங்கு 10 என்றால் நூற்றுக்கு 10; மடங்கு 40 என்றால் நூற்றுக்கு 2.5. கடன் வாங்கிப் பங்கு வாங்கும் தேசங்களில் வட்டி வரவுக்குப் பதில் வட்டிச் செலவை வைத்துக்கொண்டு இதே ஒப்பீட்டைச் செய்ய வேண்டும்.

இவ்விதியை அதே கம்பெனியின் பிந்தைய கொள்முதல் ஒன்றில் பொருத்திப் பார்த்தால் விளைவு வியப்பளிக்கும். 2022-இல் டி.சி.எஸ். 4 கோடிப் பங்குகளை, பங்கு 4,500 ரூபாய் வீதம், 18,000 கோடிக்கு வாங்கியது. அப்போது வருஷத்துப் பங்கு லாபம் 103 ரூபாய் 62 காசு; ஆகவே மடங்கு 43-க்கு மேல், நூற்றுக்குக் கிடைப்பது 2.3. இதற்கு மேல் 2019-இல் புகுத்தப்பட்ட வரி 4,000 கோடிக்கும் அதிகம்; மொத்தத்தில் வெளியேறியது சுமார் 22,200 கோடி. வாங்கி அழித்த பங்குகள் வருஷத்துக்கு ஈட்டியது 414 கோடி. அன்று வட்டி குறைவாயிருந்தது. 5 சதவீதம் என்றே கொண்டு, கால்பங்கு வரி கழித்தாலும், வெளியேறிய பணம் ஈட்டியிருக்கக்கூடியது 830 கோடிக்கு மேல். 414-ஐப் பெறுவதற்கு 830-ஐக் கைவிட்டிருக்கிறார்கள். பங்குகள் குறைந்தன என்பது மெய். ஆனால் பணத்தைச் சும்மா வைத்திருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவுக்குப் பங்கு லாபம் கீழேதான் போயிற்று. அந்த வருஷமே சந்தை விலை 3,200 ரூபாய்க்கும் தாழ இறங்கியதால், 4,500-க்குக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் பாக்கியசாலிகள். தங்கியவர்களின் செலவில் அவர்களுக்கு அந்த விலை கொடுக்கப்பட்டது.

2017 முதல் 2023 வரை அக்கம்பெனி இப்படி ஐந்து முறை வாங்கியது; விலையாக மட்டும் 83,000 கோடி, வரியையும் சேர்த்தால் 90,000 கோடிக்கு மேல். இடையே 2018-இல் ஒரு பங்குக்கு ஒரு பங்கு போனஸ் கொடுத்ததால் பழைய எண்களைப் பாதியாக்கி ஒப்பிட வேண்டும்: 66 ரூபாய் 70 காசாயிருந்த பங்கு லாபம் 2023-24-இல் 125 ரூபாய் 88 காசாயிற்று, 59 ரூபாய் ஏற்றம். இதில் வியாபாரத்தின் பங்கு எவ்வளவு, கொள்முதலின் பங்கு எவ்வளவு? 45,908 கோடி லாபத்தை, ஒரு பங்கும் வாங்கப்படாமல் இருந்தால் இருந்திருக்கும் 394 கோடிப் பங்குகளால் வகுத்தால் 116 ரூபாய் 50 காசு. அதாவது 50 ரூபாய் வியாபார வளர்ச்சியின் விளைவு. எஞ்சிய 9 ரூபாயே எண்ணிக்கை குறைந்ததன் விளைவு. அந்த ஒன்பதிலும், வெளியேறிய பணம் வரி போக நாலரை சதவீதம் ஈட்டியிருக்கும் என்று கொண்டால், வட்டியின் வழியாகவே முழுவதும் வந்திருக்கும்.

இதனால் அக்கம்பெனி தவறு செய்தது என்று நான் கூறவில்லை. தேவைக்கு மிஞ்சிய பணத்தை உரியவர்களிடம் ஒப்படைப்பது பொறுப்பான காரியம். கையில் பெரும்பணம் புரளும் நிர்வாகம் வேண்டாத கம்பெனிகளை வேண்டாத விலைக்கு வாங்கிக் கெட்டதற்கு உதாரணங்கள் ஏராளம். அதே தொகையை டிவிடெண்டாகக் கொடுத்திருந்தால் வட்டி போயிருக்கும், பங்குகளும் குறைந்திரா; அந்த ஒப்பீட்டில், விற்காமல் தங்கியவருக்கு ரொக்கத்துக்குப் பதிலாகக் கம்பெனியில் சற்றுப் பெரிய பாகம் கிடைக்கிறது. அந்தப் பாகம் கொடுத்த விலைக்குத் தகுந்ததா என்பதே விசாரிக்க வேண்டியது. அதற்குப் பங்கு லாபத்தின் உயர்வு சாட்சியாகாது.

விலைக்குத் தகுந்ததாக இருந்தால் விளைவு எத்தகையது என்பதற்கு அமெரிக்காவின் டெலிடைன் கம்பெனி உதாரணம். அதன் தலைவர் ஹென்றி சிங்கிள்டன் 1972 முதல் 1984 வரை, சந்தை சோர்ந்து பங்குகள் மிகக் குறைந்த மடங்கில் கிடைத்த சமயங்களில் திரும்பத் திரும்ப வாங்கி, மொத்தப் பங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பாகத்தை மறையச் செய்தார். மடங்கு குறைவாக இருந்ததால் ஒவ்வொரு நூறு டாலரும் வட்டியைக் காட்டிலும் மிகுதியான லாபத்தைத் தங்கியவர்களிடம் சேர்த்தது. பங்கு மலிவாயில்லாத நாட்களில் அவர் வாங்குவதை நிறுத்திவிடுவார். இன்றைய கம்பெனிகளில் பெரும்பாலானவை லாபம் செழித்து விலையும் உச்சத்தில் நிற்கும்போதே வாங்குகின்றன, ஏனெனில் பணம் அப்போதுதான் கையில் இருக்கிறது.

அதே நாட்டின் ஐ.பி.எம். கம்பெனியின் கதை வேறு. 2015-ஆம் வருஷத்துக்குள் பங்கு லாபத்தைக் குறைந்தது 20 டாலராக்குவோம் என்று 2010-இல் பிரசித்தமாக இலக்கு வைத்துக்கொண்டது. அந்த இலக்கை எட்டும் ஏணியில் பங்குக் கொள்முதலும் ஒரு படியென்று அது வெளிப்படையாகவே கூறியது. 2012 முதல் விற்பனை காலாண்டுக்குக் காலாண்டு சரிந்துகொண்டிருந்தது, கடன் பெருகியது. பங்கு லாபம் மட்டும் சில காலம் ஏறுமுகம் காட்டி, சரிவைப் பார்வைக்கு மறைத்தது. 2014 அக்டோபரில் அந்த இலக்கைக் கைவிடுவதாக நிர்வாகம் அறிவித்தபோது, புதிய தொழில்நுட்பங்களில் செலவிட்டிருக்க வேண்டிய வருஷங்கள் கழிந்துபோயிருந்தன. பங்கு லாபத்தையே இலக்காக்குவதில் உள்ள அபாயம் இதுதான்: வகுபடும் எண் நோயுற்றிருக்கையில் வகுக்கும் எண்ணைக் குறைத்து ஈவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம், ஆனால் வகுபடும் எண் அதனால் குணமடைவதில்லை.

வருஷ அறிக்கையைக் கையில் எடுக்கும் பங்குதாரர் இந்த வித்தியாசத்தைத் தாமே கண்டுகொள்ளலாம். நிதிக் கணக்கின் குறிப்புகளில் பங்கு லாபத்துக்கென்று தனியே ஒரு குறிப்பு இருக்கும். அங்கே நிகர லாபம், நாட்களின் வீதத்தில் கண்ட சராசரிப் பங்கு எண்ணிக்கை, ஒரு பங்கின் லாபம் என்ற மூன்றும் இரண்டு வருஷங்களுக்கும் எதிரெதிரே அச்சிடப்பட்டிருக்கும். பங்கு லாபம் ஏறிய சதவீதம், நிகர லாபம் ஏறிய சதவீதத்தைவிட எவ்வளவு கூடுதலோ அவ்வளவும் எண்ணிக்கை குறைந்ததால் வந்தது. பிறகு லாப நஷ்டக் கணக்குக்குத் திரும்பி, பிற வருமானம் என்ற வரியில் வட்டி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக ரொக்க ஓட்டக் கணக்கில், பங்கு வாங்கியதற்கும் அதன்மேல் கட்டிய வரிக்குமாகச் சென்ற தொகையை எடுத்து, மறைந்த பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்குக்கு உண்மையில் கொடுத்த விலை கிடைக்கும்; 2022-இல் அது 4,500 ரூபாய் அன்று, ஏறத்தாழ 5,550 ரூபாய். அவ்வருஷத்துப் பங்கு லாபத்தை அந்த விலையால் வகுத்து நூறால் பெருக்கினால் வரும் எண் 1.87.